கூர்மையான நேரத்துக்குக் கடினமான வேலை: கற்பித்துக்கொண்டே படிக்கும் மலையக ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டப் பாடசாலைகளில் கற்பித்துக்கொண்டே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையோ வெளிவாரிப் பட்டத்தையோ தொடரும் ஆசிரியர்கள் பலர், ஒப்படைகள் தேங்கிக் கிடப்பதற்கு நேரமின்மையே காரணம் என்று சொல்கிறார்கள். அவர்களுடைய நாளை மணிவாரியாக எழுதிப் பார்த்தால் வேறொன்று புலப்படும். இரவு ஒன்பதரைக்கு மேசையருகே அமர்ந்து, பதினொரு மணிவரை ஒரே பந்தியை மூன்று தடவை வாசித்து, அரைப் பக்கம் எழுதி, அதையும் மறுநாள் அடித்துவிட்ட இரவுகள் அங்கே இருக்கும். அதே அரைப் பக்கத்தை அவர் சனிக்கிழமை காலையில் இருபது நிமிடத்தில் எழுதியிருப்பார். நேரம் அவருக்குக் கிடைத்துத்தான் இருந்தது, அந்த நேரத்தில் மூளை வேலைக்கு ஆயத்தமாக இருக்கவில்லை என்பதே உண்மை. உங்களுடைய கூர்மையான நேரத்தை எப்படி அளந்து கண்டுபிடிப்பது, அதில் எந்த வேலையை வைப்பது, எந்த வேலையை அதிலிருந்து வெளியேற்றுவது என்பவற்றை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. இதுவரை இப்படித் திட்டமிட்டுப் பழகாதவர்களை மனத்திற்கொண்டே இதை எழுதுகிறேன்.

கூர்மை ஏன் ஏறி இறங்குகிறது

ஒரு நாளில் நம் விழிப்பைத் தீர்மானிப்பவை இரண்டு. இந்த இரண்டையும் இணைத்து விளக்கும் மாதிரியை அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் 1982 இல் முன்வைத்தார், உறக்க ஆய்வில் அது இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. முதலாவது உறக்க அழுத்தம். கண் விழித்த கணத்திலிருந்து அது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும், உறங்கினால் மட்டுமே குறையும். இரண்டாவது உடற்கடிகாரம். நாம் எவ்வளவு உறங்கினோம் என்பதைப் பொருட்படுத்தாமல், ஏறக்குறைய 24 மணித்தியாலச் சுற்றில் விழிப்பைத் தூண்டியும் தளர்த்தியும் அது இயங்குகிறது.

காலையில் எழுந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் கழிந்த பின்னர் உறக்க அழுத்தம் குறைவாகவும் கடிகாரத்தின் தூண்டல் ஏறுமுகமாகவும் இருப்பதால் பெரும்பாலானோருக்கு அந்த வேளை கூர்மையாக அமைகிறது. பகல் ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் இடையில் அழுத்தம் கூடியிருக்க, அதை ஈடுசெய்யும் அளவுக்குக் கடிகாரத்தின் தூண்டல் இன்னும் உயர்ந்திருக்காது. மதியச் சோறுதான் இந்தத் தூக்கக் கலக்கத்துக்குக் காரணம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் உண்ணாதவர்களுக்கும் இந்தச் சரிவு ஏற்படுகிறது, கனத்த உணவு அதைக் கூட்டிவிடுகிறது. மாலையில் கடிகாரத்தின் தூண்டல் உச்சத்தை நெருங்குவதால் பலருக்கு இரண்டாவது தெளிவு ஒன்று கிடைக்கிறது. விடியலுக்கு முந்திய சில மணித்தியாலங்களில் உடல் வெப்பநிலையும் விழிப்பும் ஒருங்கே அடிமட்டத்தில் இருக்கும்.

இந்தக் கடைசிச் செய்தியை நம் பகுதியில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பதே சிறந்தது என்ற நம்பிக்கை லயங்களிலும் ஆசிரியர் விடுதிகளிலும் ஒருபோல வேரூன்றியிருக்கிறது. பெரட்டுக்குச் செல்வதற்காக இருட்டிலேயே எழுந்து சமைத்துப் பழகிய குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாகவே வரும். இரவு எட்டரைக்கு உறங்கிவிடுகிறவருக்கு நான்கு மணி நல்ல வேளையாக அமையக்கூடும். பதினொரு மணிக்குப் படுப்பவருக்கு நான்கு மணி என்பது அவருடைய உடலின் ஆழ்ந்த இரவு. வழக்கமாக எழும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாகவே உடல் வெப்பநிலை மிகத் தாழ்ந்த புள்ளியை அடைகிறது. அந்நேரத்தில் அலாரத்தால் எழுந்து அமர்ந்தவர் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கலாம், அதிலுள்ளது மனத்தில் ஏறுவது கடினம்.

முதற்படி: அளப்பதற்கு முன் உறக்கத்தைச் சீராக்குங்கள்

உறக்கம் போதாத நிலையில் எடுக்கும் எந்தக் குறிப்பும் உங்களுடைய கூர்மையான நேரத்தைக் காட்டாது, களைப்பு எப்போது சற்றுக் குறைகிறது என்பதை மட்டுமே காட்டும். ஹான்ஸ் வான் டொங்கன், டேவிட் டிங்கஸ் முதலானோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 14 நாட்கள் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணித்தியாலம் மட்டுமே உறங்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனக் குறைவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய், இறுதியில் ஓரிரு இரவுகள் முழுவதும் உறங்காதவர்களின் நிலையை எட்டியது. தங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களிடமே கேட்டபோது, சில நாட்களுக்குப் பின்னர் அந்த மதிப்பீடு பெரிதாக மாறவில்லை. "எனக்கு ஐந்தரை மணித்தியாலம் போதும், பழகிவிட்டது" என்று சொல்பவரின் சொல்லை நம்பி ஒரு கால அட்டவணை அமைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

உங்களுக்குப் பற்றாக்குறை உண்டா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. தவணை விடுமுறையில், அலாரம் வைக்காமல், நான்கைந்து நாட்கள் எப்போது உறங்கினீர்கள், எப்போது தானாக விழித்தீர்கள் என்று எழுதுங்கள். முதலிரண்டு நாட்கள் பழைய கடனைத் தீர்க்கும் உறக்கமாக இருக்கும், ஆகவே அவற்றை விட்டுவிடுங்கள். எஞ்சிய நாட்களின் சராசரி உறக்கத்துக்கும் பாடசாலை நாட்களின் உறக்கத்துக்கும் ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் பற்றாக்குறை உண்டு என்று கொள்ளுங்கள்.

இதே குறிப்பு இன்னொன்றையும் தருகிறது. உறங்கிய நேரத்துக்கும் விழித்த நேரத்துக்கும் நடுப்புள்ளியை எடுங்கள். இரவு 10.45 க்கு உறங்கி 6.45 க்குத் தானாக எழுபவரின் நடுப்புள்ளி அதிகாலை 2.45. அது இரண்டு மணிக்கு முன்னர் வந்தால் நீங்கள் காலைநேரத்தவர் பக்கம் சாய்ந்தவர் என்றும், நான்கரைக்குப் பின்னர் வந்தால் இரவுநேரத்தவர் பக்கம் சாய்ந்தவர் என்றும் தோராயமாகக் கொள்ளலாம். பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவில்தான் இருப்பார்கள். இந்த நடுப்புள்ளி முறையை வகுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த டில் ரோனெபெர்க், அவருடைய வினாக்கொத்து இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. லயத்தில் வசிப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த காம்பராவில் அடுப்பு மூட்டும் சத்தமும் கோயில் ஒலிபெருக்கியும் எழுப்பிவிட்டால் அது தானாக விழித்ததாகாது. அப்படிப்பட்ட நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, கிடைக்கும் இரண்டு மூன்று நாட்களை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பற்றாக்குறை உண்டென்று தெரிந்தால் ஒரு வாரமாவது சற்று முன்னதாகப் படுத்து உறக்கத்தைக் கூட்டிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள். அதற்கான நேரத்தை இரவுப் படிப்பிலிருந்தே எடுக்கலாம், அந்த இரவுப் படிப்பால் கிடைத்தது எவ்வளவு சொற்பம் என்பதை முன்னரே பார்த்தோம்.

இரண்டாம் படி: பத்து வேலை நாட்களுக்கு அளவெடுங்கள்

ஒரு சிறிய கொப்பி போதும். நாளுக்கு ஐந்தாறு வேளைகளைத் தெரிவுசெய்து, அவற்றைப் பத்து நாட்களும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையிலும் இரண்டு விடயங்களைக் குறிக்க வேண்டும்.

முதலாவது, தெளிவாக உணர்கிறேனா என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்துவரையான ஒரு புள்ளி. இது மட்டும் போதாது, ஏனெனில் ஆசிரியர் அறையில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது எவரும் தம்மைத் தெளிவாகவே உணர்வர். ஆகவே இரண்டாவதாக ஒரு சிறு சோதனையைச் சேருங்கள். முந்நூறுக்கு மேற்பட்ட ஓர் எண்ணை எடுத்து, அதிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து விடைகளை இரண்டு நிமிடத்துக்கு எழுதிச் செல்லுங்கள். பின்னர் சரியானவற்றை எண்ணிக் கொப்பியில் குறியுங்கள். ஒவ்வொரு தடவையும் தொடக்க எண்ணை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விடைகள் மனப்பாடமாகிவிடும். செய்யச் செய்யக் கை பழகி எண்ணிக்கை உயரும் என்பதால் முதல் மூன்று நாட்களின் பெறுபேறுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கணிதம் வராதவர்கள் பாடநூலொன்றின் புதிய பக்கத்தை வாசித்து, மூடிவைத்து, அதில் சொல்லப்பட்ட கருத்துகளை நினைவிலிருந்து எழுதி எண்ணலாம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கடினம் மாறும் என்பதால் அந்த முறை சற்றுத் துல்லியம் குறைந்தது.

தேநீர் அருந்திய நேரங்களையும் எழுதுவது அவசியம். நம் நாளில் தேநீர் இல்லாத வேளை குறைவு. விழித்திருக்கும்போது மூளையில் சேர்ந்து உறக்கத்தை அழைக்கும் அடினோசின் என்ற பொருளின் வேலையைக் கஃபீன் தடுக்கிறது, அதை அகற்றிவிடுவதில்லை. ஆகவே கடும் சாயமாக ஒரு பிளேன்டீ அருந்திய அரை மணித்தியாலத்தில் எடுத்த உயர்ந்த புள்ளி உங்களுடையதா, தேயிலையினுடையதா என்பது தெரியாது. அளவெடுக்கும் நாட்களில் தேநீரை ஒரே நேரங்களில் அருந்தினால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

எழுந்தவுடன் அளவெடுக்காதீர்கள். கண் விழித்த பின்னர் பதினைந்து நிமிடம் முதல் அரை மணித்தியாலம்வரை, சிலருக்கு அதற்கும் மேலாக, ஒரு மந்த நிலை நீடிக்கும். அது எல்லோருக்கும் பொதுவானது, உங்களைப் பற்றி அது எதையும் சொல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு

மஸ்கெலியாப் பகுதியில் தரம் 10, 11 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். இவர் தனியொருவர் அல்லர், பலருடைய நாட்களைச் சேர்த்து நான் அமைத்த எடுத்துக்காட்டு. அதிகாலை நான்கரைக்கு எழுந்து சமைத்து, இரு பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, ஆறேகால் பஸ்ஸைப் பிடித்துப் பாடசாலைக்குச் செல்கிறார். பாடசாலை ஒன்றரைக்கு முடிகிறது, வீடு சேர இரண்டேமுக்கால் ஆகிறது. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கான ஒப்படைகளை இரவு ஒன்பதரைக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குப் படுக்கிறார். அதாவது ஐந்தரை மணித்தியால உறக்கம். விடுமுறையில் அவர் உறங்குவது எட்டு மணித்தியாலம், நடுப்புள்ளி 2.45.

முதல் வேலையாக இரவு எழுத்தை முற்றாக நிறுத்தி, ஒன்பதே முக்காலுக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழத் தொடங்குகிறார். ஒரு வாரத்தின் பின்னர் அளவெடுக்கிறார். பழகும் நாட்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டு நிமிடக் கழித்தலில் அவர் பெற்ற சராசரி இப்படி அமைகிறது:

| வேளை | சரியான விடைகள் | உணர்வுப் புள்ளி |
|---|---|---|
| காலை 5.30 | 22 | 3 |
| காலை 8.40 | 31 | 4 |
| காலை 11.00 | 29 | 4 |
| பகல் 2.45 | 20 | 2 |
| மாலை 6.00 | 27 | 3 |
| இரவு 9.00 | 19 | 3 |

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது காலை 8.40 இன் உச்சம் மட்டுமல்ல. இரவு ஒன்பது மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவர் தமக்கு ஒரே உணர்வுப் புள்ளியைத்தான் கொடுத்திருக்கிறார், ஆனால் விடைகள் 19 உம் 27 உமாக இருக்கின்றன. பிள்ளைகள் உறங்கி வீடு அமைதியானதும் மனம் இலேசாவதை அவர் கூர்மை என்று எண்ணிவந்திருக்கிறார். பல வருடங்களாக இரவில் எழுதியதற்குக் காரணம் அந்த அமைதிதான்.

இங்கே ஒரு நெருக்கடி எழுகிறது. அவருடைய மிகச் சிறந்த நேரமான காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரைவரை முழுவதும் பாடசாலைக்கு உரியது. சம்பளம் பெற்றுக் கற்பிக்கும் வேளையில் சொந்த ஒப்படையை எழுதுவது முறையல்ல, அதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பாடசாலை வேலைக்குள்ளேயே கடினமானதும் இலேசானதும் உண்டு. வாரத்தில் இரண்டு நாட்கள், இரண்டாம் அல்லது மூன்றாம் பாடவேளையாக, அவருக்கு 40 நிமிட ஓய்வு கிடைக்கிறது. அதில் அவர் இதுவரை செய்துவந்தது கொப்பி திருத்துவதும் வரவுப் பதிவேட்டை நிரப்புவதும். தவணைப் பரீட்சை வினாத்தாள் அமைப்பது, கேத்திரகணித நிறுவல் ஒன்றை மாணவர்களுக்கு எப்படிப் படிப்படியாக விளக்குவது என்று சிந்திப்பது ஆகிய இரண்டையும் அவர் வீட்டுக்கு எடுத்துவந்து மாலையில் போராடிச் செய்துவந்தார். இவற்றை இடம் மாற்றினால் போதும். வினாத்தாளும் பாடத் திட்டமிடலும் ஓய்வுப் பாடவேளைக்குச் செல்கின்றன, கொப்பி திருத்துவது மதியத்துக்குப் பிந்திய வேளைக்கு வருகிறது. இப்போது மாலை ஐந்தே முக்கால் முதல் ஆறே முக்கால்வரையான இரண்டாம் தெளிவு வெறுமையாகிறது. ஒப்படைக்கு அது உரியதாகிறது. அதோடு சனிக்கிழமை காலை எட்டரை முதல் பத்துவரை ஒரு நீண்ட அமர்வு சேர்கிறது. வாரத்தில் மூன்று மாலைகளும் ஒரு சனிக்கிழமையும் சேர்ந்தால் நாலரை மணித்தியாலம். முன்னர் அவர் ஐந்து இரவுகளில் ஏழரை மணித்தியாலம் அமர்ந்திருந்தார். மணித்தியாலம் குறைந்திருக்கிறது, உறக்கம் ஒவ்வோர் இரவும் ஒன்றரை மணித்தியாலம் கூடியிருக்கிறது, எழுதும் பக்கங்கள் கூடுகின்றன.

ஓய்வுப் பாடவேளை எப்போதும் கைக்குக் கிட்டாது. வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குச் செல்லுமாறு அதிபர் பணிப்பது வழக்கம். ஆகவே அந்த 40 நிமிடத்தை நம்பி மறுநாள் கொடுக்க வேண்டிய வேலையை வைக்கக் கூடாது, ஒரு வாரம் தள்ளிப்போனாலும் தாங்கக்கூடிய வேலையையே வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: எது கடினமான வேலை என்று பிரித்தறியுங்கள்

கடினம் என்பதை வேலை எடுக்கும் நேரத்தை வைத்து அளக்கக் கூடாது. நாற்பது கொப்பி திருத்துவது நீண்ட வேலை, ஆனாலும் ஒவ்வொரு விடையும் முன்னரே தெரிந்தது. ஒப்படையின் முதல் இரண்டு பந்திகளை எழுதுவது குறுகிய வேலை, ஆனால் எங்கே தொடங்குவது, எதை விடுவது என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இல்லாததொன்றை ஆக்குவதும், புரியாததொன்றைப் புரிந்துகொள்வதும், இரண்டு வழிகளை ஒப்பிட்டுத் தெரிவதுமே கூர்மையான நேரத்துக்குரியவை. மற்றவற்றை வெளியே எடுங்கள்.

இவற்றுக்கு நடுவே மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். புள்ளிகளைக் கூட்டிப் பதிவேட்டில் ஏற்றுவது, மாணவரின் சுட்டெண்ணைப் படிவத்தில் எழுதுவது, பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயரை விண்ணப்பத்தில் நிரப்புவது போன்றவை சிந்தனை தேவைப்படாத வேலைகளாகத் தோன்றுவதால் மந்தமான நேரத்துக்குத் தள்ளப்படுகின்றன. இவற்றுக்குச் சிந்தனை அதிகம் தேவையில்லை, ஆனால் விழிப்பு தேவை. மந்த நேரத்தில் முதலில் குறைவதும் அந்த விழிப்புத்தான். 67 ஐ 76 என்று எழுதிவிட்டுக் கண்டுகொள்ளாமல் போவது பகல் மூன்று மணியின் இயல்பு. இத்தகைய வேலையை மந்த நேரத்தில் செய்யலாம், ஆனால் சரிபார்ப்பதை அன்றைக்கே செய்யாதீர்கள். மறுநாள் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கி, முடிந்தால் இன்னொருவர் வாசிக்க நீங்கள் பார்க்கும்படி, சரிபாருங்கள். உயர்தர விண்ணப்பப் படிவங்களில் ஏற்படும் தவறுகளால் பிள்ளைகளும் பெற்றோரும் எவ்வளவு அலைய நேர்கிறது என்பதைக் கண்டவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைக் கூடுதலாக எண்ண மாட்டார்கள்.

நான்காம் படி: அமர்வை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துங்கள்

கூர்மையான ஒரு மணித்தியாலத்தில் இருபது நிமிடம் புத்தகம் தேடுவதில் போனால் அது கூர்மையான மணித்தியாலமாக இராது. ஆயத்தம் செய்வதற்குக் கூர்மை தேவையில்லை, அதனால் அதை முந்திய நாளின் மந்த வேளையில் செய்துவிடலாம். வாசிக்க வேண்டிய பக்கங்களில் தாள் செருகிவைப்பது, பேனையும் கொப்பியும் மேசையில் வைப்பது, நாளைக்கு எழுத வேண்டிய முதல் வாக்கியத்தை அல்லது விடைகாண வேண்டிய ஒரேயொரு கேள்வியைத் தாளொன்றில் எழுதிவைப்பது ஆகியவை போதும். "ஒப்படை எழுத வேண்டும்" என்று குறிப்பது பயனற்றது. "குழுமுறைக் கற்றலில் பின்தங்கிய மாணவர் ஏன் பேசாதிருக்கிறார் என்பதற்கு என் வகுப்பிலிருந்து இரண்டு உதாரணங்கள்" என்று குறித்திருந்தால் அமர்ந்தவுடன் கை ஓடும்.

கைத்தொலைபேசி வேறோர் அறையில் இருக்கட்டும். பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மனத்தின் ஒரு பகுதி சற்று நேரத்துக்கு அந்தச் செய்தியிலேயே தங்கிவிடும். முன்னைய வேலையின் எச்சம் அடுத்த வேலையின் தரத்தைக் குறைக்கிறது என்பதை சோஃபி லெராய் 2009 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முடிக்காத வேலையிலிருந்து எழுந்து வருபவர்களுக்கும் இது பொருந்தும், எனவே சமையலைப் பாதியில் விட்டு வந்து அமர்வதைக் காட்டிலும், முடித்துவிட்டுப் பத்து நிமிடம் தாமதமாக அமர்வது மேல்.

எவ்வளவு நேரம் அமர்வது என்பதற்கு 90 நிமிடம் என்ற ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. உறக்கத்தில் அத்தகைய சுற்று உண்டு. விழித்திருக்கும்போதும் அது தொடரும் என்று உறக்க ஆய்வின் முன்னோடியான நதானியேல் கிளைட்மன் கருதினார், ஆனால் அதற்கான சான்றுகள் உறுதியாக இல்லை. ஆகவே அந்த எண்ணை விதியாகக் கொள்ளாதீர்கள். ஒரு வாக்கியத்தை இரண்டாம் தடவை வாசிக்கத் தொடங்கும் நேரத்தைச் சில நாட்கள் குறித்துப் பாருங்கள். பலருக்கு அது ஐம்பது நிமிடத்துக்கும் எழுபது நிமிடத்துக்கும் இடையில் வரும். அங்கே எழுந்து சற்று நடந்துவிட்டுத் திரும்புவது போதும்.

மந்த நேரத்தை என்ன செய்வது

பகல் இரண்டேமுக்காலுக்கு வீடு சேரும் ஆசிரியைக்கு இருபது நிமிட உறக்கம் கிடைத்தால் அது மாலைத் தெளிவை உயர்த்தும். அரை மணித்தியாலத்தைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் சென்று, எழும்போது முன்னையதைவிடக் கூடிய மந்தத்தோடு எழ நேரும். நான்கு மணிக்குப் பின்னர் உறங்கினால் இரவுத் தூக்கம் பிந்தும். உறக்கம் வாய்க்காதவர்கள் கொப்பி திருத்துதல், துணி மடித்தல், கடைக்குச் செல்லுதல் போன்றவற்றை அங்கே வைக்கலாம்.

தேநீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அருந்திய கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணித்தியாலம் எடுக்கும், கர்ப்பிணிகளுக்கு அது இன்னும் நீளும். இரவு ஒன்பதே முக்காலுக்குப் படுப்பவர் கடைசித் தேநீரை மூன்று மூன்றரை மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. விருந்தினருக்கு மாலையில் தேநீர் ஊற்றும்போது உடன் அருந்தாவிட்டால் மரியாதைக் குறைவாகும் என்று கருதுபவர்கள் கொத்தமல்லித் தண்ணீரையோ இஞ்சித் தண்ணீரையோ கையில் வைத்துக்கொள்ளலாம்.

காலை வெளிச்சம் உடற்கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தும் மிகப் பலமான கருவி. சிறு சன்னலொன்று மட்டுமுள்ள காம்பராவில் மின்குமிழ் தரும் வெளிச்சம் பெரும்பாலும் நூறு இருநூறு லக்ஸ் அளவில் நின்றுவிடும். மழை மூட்டத்திலும் பனிமூட்டத்திலும்கூட, விடிந்து சற்று நேரம் சென்ற பின் வெளியே அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் வாரக்கணக்கில் சூரியன் தெரியாதபோதும், பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து செல்லும் கால் மணித்தியாலம் வீணாவதில்லை. குளிருக்குப் பயந்து வார இறுதியில் எட்டு மணிவரை போர்வைக்குள்ளேயே இருந்தால் கடிகாரம் பின்னுக்குச் சென்று, திங்கட்கிழமை காலை மந்தமாகத் தொடங்கும். அதனால் சனி, ஞாயிறுகளில் எழும் நேரத்தை வார நாட்களிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் நேரத்தைப் பிள்ளைமீது சுமத்தாதீர்கள்

தமக்குக் காலை கூர்மையாக இருப்பதைக் கண்டறிந்த பெற்றோர், உயர்தரம் படிக்கும் மகனையும் நான்கு மணிக்கு எழுப்பி அமரவைப்பதைப் பார்க்கிறோம். இது அன்பினால் செய்யப்படுவதுதான். ஆனால் பருவமடைந்த பின்னர் உடற்கடிகாரம் பின்னோக்கிச் செல்லத் தொடங்கி, இருபது வயதை ஒட்டி மிகவும் பிந்திய நிலையை அடைந்து, பின்னரே படிப்படியாக முன்னுக்கு வருகிறது. ரோனெபெர்க்கின் குழுவினர் 2004 இல் இதைப் பெருந்தொகையானோரின் தரவுகளைக் கொண்டு காட்டினர். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கு உறக்கம் வராதது பிடிவாதம் அல்ல. நான்கு மணிக்கு எழுப்பினால் அவனுடைய உறக்கத்தின் பின்பகுதி வெட்டப்படுகிறது, கற்றவை நினைவில் ஊன்றுவதற்கு உதவும் உறக்கமும் அதோடு போகிறது. மேற்சொன்ன கழித்தல் சோதனையை அவனும் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும். மாலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அவனுடைய உச்சம் வந்தால் இரசாயனவியலோ இணைந்த கணிதமோ அங்கே அமரட்டும், கடந்தகால வினாத்தாள்களின் பல்தேர்வு வினாக்களைத் திருத்துவது போன்றவை மதியத்துக்குப் போகட்டும். அந்த வேளையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது வீட்டிலுள்ள பெரியவர்களின் பொறுப்பு.

பிழைக்கும் இடங்களும் அறிகுறிகளும்

இம்முறை சரியாக அமையவில்லை என்பதை மூன்று அறிகுறிகள் காட்டும். ஒதுக்கிய வேளையில் அமர்ந்தும் முதல் கால் மணித்தியாலத்தில் ஒரு வரியும் நகராவிட்டால், வேலை தெளிவாக வரையறுக்கப்படவில்லையா என்று முதலில் பாருங்கள். கேள்வி தெளிவாக இருந்தும் நகராவிட்டால் உறக்கக் கொப்பியைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே வேளையை மாற்றுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, ஒவ்வொரு வாரமும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டாவது அறிகுறி, அந்த வேளை அடிக்கடி மற்றவர்களால் எடுத்துக்கொள்ளப்படுவது. மாலை ஐந்தே முக்கால் என்பது எந்த வீட்டிலும் கேட்பாரற்ற நேரம் அல்ல. கொழுந்து நிறுத்துவிட்டு மாமியார் வீடு திரும்பும் நேரம், பிள்ளைகள் பசிக்கும் நேரம், விளக்கேற்றும் நேரம். ஆகவே எடுத்துக்காட்டிலுள்ள ஆசிரியை வாரத்தில் ஐந்து மாலைகளைக் கேட்கவில்லை, மூன்றைக் கேட்டார். அந்த மூன்று மாலைகளில் இரவுச் சமையலைத் தொடங்குவது கணவரின் வேலை என்று முன்னரே பேசிக்கொண்டார். இந்தப் பேச்சை நடத்தாமல் அட்டவணையை மட்டும் சுவரில் ஒட்டியவர்களின் திட்டம் இரண்டாம் வாரத்தைத் தாண்டுவது அரிது. வீட்டு வேலை முழுவதையும் ஒருவரே சுமக்கும் வீட்டில் கூர்மையான நேரம் எது என்று அளப்பதால் மட்டும் அந்த நேரம் கிடைத்துவிடாது.

மூன்றாவது, ஒப்படை முன்னேறினாலும் வகுப்பறையில் பொறுமை குறைவது. அப்படியானால் நீங்கள் எங்கோ உறக்கத்திலிருந்து திருடுகிறீர்கள் என்று கொள்ளலாம். நேரே உறக்கக் கொப்பிக்குத் திரும்புங்கள்.

ஏழெட்டு மணித்தியாலம் உறங்கியும், பத்து நாட்களும் எல்லா வேளைகளும் ஒரேபோலத் தாழ்ந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, உறக்கத்தில் மூச்சு தடைப்படுதல், மனச்சோர்வு ஆகியவை அப்படிக் காட்டக்கூடும். வைத்தியசாலையில் கொப்பியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், வைத்தியருக்கு அது பயன்படும்.

புதிய தவணையில் பாடவேளை அட்டவணை மாறும்போதோ, பஸ் நேரம் மாறும்போதோ, வீட்டில் குழந்தை பிறந்த பின்னரோ பழைய அளவை நம்பாதீர்கள். அப்போது பத்து நாட்கள் தேவைப்படாது. கை முன்னரே பழகியிருப்பதால் நான்கு நாட்கள், காலை ஒரு வேளையும் மாலை ஒரு வேளையும் அளந்து பழைய எண்களோடு ஒப்பிட்டால், உச்சம் அதே இடத்தில் இருக்கிறதா நகர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நகர்ந்திருந்தால் முதலில் ஒப்படை எழுதும் அமர்வை மட்டும் இடம் மாற்றி, மற்ற வேலைகளை இருந்தபடியே விட்டு, இரண்டு வாரம் பாருங்கள்.